470 ஓம் ரெசிஸ்டர் ஏன் சுடுகிறது? பட்டைகளைப் படிப்பதும் வாட் தேர்ந்தெடுப்பதும்

கேள்வி: முதல் முறையாக பிரெட்போர்டில் ஒரு சர்க்யூட் போட்டிருக்கிறேன். 12 வோல்ட் அடாப்டர், ஒரு சிவப்பு எல்இடி, ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். கடையில் "கால் வாட்டா, அரை வாட்டா?" என்று கேட்டார்கள். தெரியாமல் கால் வாட் வாங்கி வந்துவிட்டேன். எல்இடி எரிகிறது, ஆனால் ரெசிஸ்டரைத் தொட்டால் சுடுகிறது. இப்படியே விடலாமா? இன்னொன்று, என்னிடம் உள்ளவற்றில் சிலவற்றில் 4 பட்டை, நீல நிற ரெசிஸ்டர்களில் 5 பட்டை இருக்கிறது. எந்த முனையிலிருந்து படிக்க வேண்டும்?

பதில்:

கால் வாட் 470 ஓம் உங்கள் சர்க்யூட்டில் உடனே எரிந்துபோகாது. ஆனால் அதன் எல்லைக்கு மிக அருகில் வேலை செய்கிறது. நாள் முழுக்க எரியவிட வேண்டுமென்றால் அதை எடுத்துவிட்டு 1000 ஓம் கால் வாட் போடுங்கள். அரை வாட் தேடி மறுபடி கடைக்குப் போக வேண்டியதில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், கையில் இருப்பது உண்மையில் 470 ஓம்தானா என்று பார்த்துவிடுவோம். ஓம் தவறாக இருந்தால் வாட் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

சந்தன நிற உடம்புள்ள 4 பட்டை ரெசிஸ்டரிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் அது கார்பன் ஃபிலிம் வகை. அதன் ஒரு முனையில் தங்க நிறப் பட்டை இருக்கும். தங்கமும் வெள்ளியும் ஒருபோதும் முதல் பட்டையாக வராது என்பதால் திசைக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தங்கத்தை வலது பக்கம் வைத்துக்கொண்டு இடமிருந்து படியுங்கள். முதல் இரண்டு பட்டைகளும் இரண்டு எண்கள். மூன்றாவது பட்டை, அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை பூஜ்ஜியம் போட வேண்டும் என்று சொல்கிறது. கடைசியில் உள்ள தங்கம், மதிப்பு 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்கிறது.

நிறங்களின் வரிசையை மனப்பாடம் செய்யப் பாட்டெல்லாம் தேவையில்லை. கருப்பு 0, பழுப்பு 1. அதற்குப் பிறகு வானவில் தொடங்குகிறது: சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7. வானவில் முடிந்ததும் சாம்பல் 8, வெள்ளை 9. இருட்டில் தொடங்கி வெளிச்சத்தில் முடிகிறது என்று நினைவில் வைத்தால் போதும்.

ஆக 470 ஓம் என்றால் மஞ்சள், ஊதா, பழுப்பு, தங்கம். 4, 7, அப்புறம் ஒரு பூஜ்ஜியம். மூன்றாவது பட்டை மட்டும் சிவப்பாக இருந்தால் இரண்டு பூஜ்ஜியம், அதாவது 4700 ஓம். அதைப் போட்டால் எல்இடி மங்கலாக எரியும், வேறு கெடுதல் இல்லை. மூன்றாவது பட்டை கருப்பாக இருந்தால் பூஜ்ஜியமே இல்லை, வெறும் 47 ஓம். அதை 12 வோல்ட்டில் போட்டால் எல்இடி போய்விடும், ரெசிஸ்டரும் சேர்ந்து கருகும். மூன்றாவது இடத்தில் தங்கம் வந்தால் பத்தால் வகுக்க வேண்டும், 4.7 ஓம். பார்த்தீர்களானால், முதல் இரண்டு பட்டைகளில் கொஞ்சம் தவறினால் பெரிய சேதம் இல்லை. மூன்றாவது பட்டையில் தவறினால் பத்து மடங்கு மாறிவிடும். அந்த ஒரு பட்டையை மட்டும் நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பகல் வெளிச்சத்தில், இரண்டு முறை பாருங்கள். மஞ்சள் ஒளி தரும் பல்புக்குக் கீழே பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலவே தெரியும்.

இனி நீல நிற ரெசிஸ்டர். இது பெரும்பாலும் மெட்டல் ஃபிலிம், 1 சதவீதத் துல்லியம். இதில் முதல் மூன்று பட்டைகள் எண்கள், நான்காவது பூஜ்ஜியங்களின் எண்ணிக்கை, ஐந்தாவது துல்லியம். அந்த 1 சதவீதத்தைக் குறிப்பது பழுப்பு. எனவே 470 ஓம் இங்கே மஞ்சள், ஊதா, கருப்பு, கருப்பு, பழுப்பு என்று வரும். 4, 7, 0, அப்புறம் பூஜ்ஜியம் எதுவும் வேண்டாம் என்பதற்கு இன்னொரு கருப்பு. இதைத் தலைகீழாகப் படித்தால் பழுப்பு, கருப்பு, கருப்பு, ஊதா, மஞ்சள். அதாவது 100-க்குப் பின்னால் ஏழு பூஜ்ஜியம், நூறு கோடி ஓம். இப்படி ஒரு ரெசிஸ்டர் உங்கள் டப்பாவில் இருக்க வாய்ப்பே இல்லை என்பதால் திசை தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லா மதிப்பும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. உங்களுக்கு நான் சிபாரிசு செய்த 1000 ஓமையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 பட்டையில் அது பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, பழுப்பு. இதைத் திருப்பிப் பிடித்தால் பழுப்பு, பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு. 1, 1, 0, பூஜ்ஜியம் வேண்டாம், 1 சதவீதம். 110 ஓம்! இதுவும் கடையில் கிடைக்கும் உண்மையான மதிப்புதான். 10,000 ஓமைத் திருப்பினால் 120 ஓம், 1,00,000 ஓமைத் திருப்பினால் 130 ஓம். எல்லாமே நம்பும்படியான எண்கள். பயிற்சி சர்க்யூட்டுகளில் அதிகம் பயன்படும் மூன்று மதிப்புகளிலும் இந்தப் பொறி இருப்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

துல்லியப் பட்டைக்கும் மற்றவற்றுக்கும் இடையே இடைவெளி கொஞ்சம் அதிகமாக இருக்கும், அதைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கலாம் என்பது விதி. நல்ல தயாரிப்பில் அது தெரியும். மலிவான சின்ன ரெசிஸ்டர்களில் ஐந்து பட்டைகளும் ஒரே இடைவெளியில் அடித்திருப்பார்கள், உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. எனவே நீல ரெசிஸ்டரில் இரண்டு முனையிலும் பழுப்பு இருந்தால் கண்ணை நம்பாமல் மல்டிமீட்டரில் வைத்துவிடுங்கள். சாதாரண மஞ்சள் நிற மீட்டரில் ஓம் பகுதியில் 2000 என்ற இடத்தில் திருகை வைத்தால், 1000 ஓம் ரெசிஸ்டர் 990-க்கும் 1010-க்கும் இடையே ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். 110 என்றால் 110-ஐ ஒட்டிக் காட்டும். இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றால் மதிப்பு அந்த அளவை மீறியிருக்கிறது, 20k-வுக்குத் திருப்புங்கள். அளக்கும்போது ரெசிஸ்டரை பிரெட்போர்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். சர்க்யூட்டில் இருக்கும்போதே அளந்தால் அக்கம்பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் மின்னோட்டம் போய், மீட்டர் வேறு ஏதோ ஒரு எண்ணைச் சொல்லும்.

சரி, கையில் இருப்பது 470 ஓம்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது சூட்டுக்கு வருவோம்.

வாட் என்பது பட்டைகளில் எழுதப்பட்டிருக்காது. எத்தனை பட்டை இருந்தாலும் அவை ஓமையும் துல்லியத்தையும்தான் சொல்கின்றன. சில உயர்ரக ரெசிஸ்டர்களில் ஆறாவதாக ஒரு பட்டை வரும். அது வெப்பத்தால் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதைக் குறிப்பது, அதற்கும் வாட்டுக்கும் சம்பந்தமில்லை. வாட்டை உடம்பின் அளவை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கால் வாட்டின் உடம்பு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளம், அரை வாட் சுமார் 9 மில்லிமீட்டர். ஆனால் கால் வாட் அளவிலேயே அரை வாட் தாங்கும் குட்டி மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களும் விற்கிறார்கள். அதேபோல கால் வாட் என்று சொல்லி 3 மில்லிமீட்டரை ஒட்டிய அரைக்கால் வாட் துண்டைக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அளவு சந்தேகமாக இருந்தால் சிறியதாகவே எண்ணிக் கணக்குப் போடுங்கள்.

ரெசிஸ்டரில் எவ்வளவு சூடு உண்டாகிறது என்பதைக் கணக்கிட, அதன் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

P = V × V / R

இங்கே V என்பது அடாப்டரின் 12 வோல்ட் அல்ல. புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. எரியும் சிவப்பு எல்இடி தன் பங்காக ஏறத்தாழ 2 வோல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சமுள்ள 10 வோல்ட் மட்டும்தான் ரெசிஸ்டரின் தலையில் விழுகிறது. ஆக 10 × 10 / 470 = 0.213 வாட். மின்னோட்டம் 10 / 470, அதாவது 21 மில்லியாம்பியர். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடிக்குத் தொடர்ந்து செலுத்த அனுமதிக்கப்படுவது பொதுவாக 20 மில்லியாம்பியர். எல்இடியும் வரம்பில் நிற்கிறது, 0.25 வாட் தாங்கும் ரெசிஸ்டரும் 85 சதவீதம் நிறைந்து நிற்கிறது.

85 சதவீதம்தானே, தாங்கும் அல்லவா என்று கேட்கலாம். கால் வாட் என்று தயாரிப்பாளர் சொல்வதற்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். சுற்றியுள்ள காற்று 70 டிகிரி செல்சியஸ் இருக்கும்வரை இதில் 0.25 வாட் சூடு உண்டானாலும் ரெசிஸ்டர் அழியாது என்பதுதான் அந்த உறுதி. காற்று அதற்கு மேல் சூடானால் அனுமதிக்கப்பட்ட வாட் படிப்படியாகக் குறைந்து, வழக்கமான ஃபிலிம் ரெசிஸ்டரில் 155 டிகிரியில் பூஜ்ஜியமாகிவிடும். இதைத் திருப்பிப் படித்தால், முழு கால் வாட்டில் ரெசிஸ்டரின் உடம்பு சுற்றியுள்ள காற்றைவிட 85 டிகிரி அளவுக்குச் சூடேறும் என்று அர்த்தம். உங்கள் 0.213 வாட்டுக்கு அதே விகிதத்தில் சுமார் 72 டிகிரி. அறை 30 டிகிரி என்றால் ரெசிஸ்டர் 100 டிகிரியை ஒட்டி நிற்கும். கம்பிகள் வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேறுவதால் இதைவிடக் குறையலாம். எப்படியும் விரல் வைத்திருக்க முடியாத சூடு. ரெசிஸ்டருக்கு இது அனுமதிக்கப்பட்ட வெப்பம்தான். ஆனால் அது பிரெட்போர்டின் பிளாஸ்டிக் மேல் ஒட்டிப் படுத்திருந்தால் அந்த இடம் நாளடைவில் இளகி வளையும், உள்ளே உள்ள கிளிப்பின் பிடியும் தளரும். ரெசிஸ்டரின் மதிப்பும் மெல்ல விலகத் தொடங்கும்.

அதனால்தான் கணக்கில் வரும் வாட்டைப்போல இரு மடங்காவது தாங்கும் ரெசிஸ்டரைப் போடுவது வழக்கம். 0.213-க்கு இரு மடங்கு 0.43. எனவே 470 ஓமையே வைத்துக்கொள்வதானால் அரை வாட் வேண்டும். கடைக்காரர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஆனால் அரை வாட் போட்டால் சூடு உண்டாவது குறையாது என்பதைக் கவனியுங்கள். வாட் எண் என்பது தாங்கும் எல்லை மட்டும்தான். அது மின்னோட்டத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அரை வாட் 470 ஓமிலும் அதே 21 மில்லியாம்பியர்தான் ஓடும், அதே 0.213 வாட்தான் சூடாகும். உடம்பு பெரியதாக இருப்பதால் அந்தச் சூடு அகலமான பரப்பில் பரவி, தொடும்போது குறைவாகத் தெரியும். அவ்வளவே. "பெரிய வாட் போட்டால் எல்இடி போய்விடுமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். போகாது. ஒரே ஓம் இருக்கும்வரை ஒரு வாட் போட்டாலும் எல்இடிக்கு வித்தியாசமே தெரியாது.

சூட்டையே குறைக்க வேண்டுமென்றால் ஓமைக் கூட்ட வேண்டும். 1000 ஓம் போட்டால் மின்னோட்டம் 10 மில்லியாம்பியர், வாட் 10 × 10 / 1000 = 0.1. கால் வாட் ரெசிஸ்டரின் பாதிக்கும் கீழே வந்துவிட்டோம். தொட்டால் சூடு தெரியும், ஆனால் அது கவலைப்படும் அளவு அல்ல. மின்னோட்டம் பாதியானதால் வெளிச்சமும் பாதியாகிவிட்டதாகக் கண்ணுக்குத் தெரியாது. நம் கண் வெளிச்சத்தை அப்படி நேர் விகிதத்தில் உணர்வதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எல்இடிகளை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசமே புரியும். வெறும் அடையாள விளக்குக்கு 10 மில்லியாம்பியரே தாராளம். எனவே ரெசிஸ்டர் சுடுகிறது என்றதும் பெரிய வாட்டைத் தேடுவதைவிட, இந்த அளவு மின்னோட்டம் தேவையா என்று முதலில் கேட்பதுதான் சரியான வரிசை என்பது என் கருத்து.

வெளிச்சம் அதிகம் வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. மூன்று சிவப்பு எல்இடிகளை வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக இணையுங்கள். மூன்றும் சேர்ந்து 6 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், ரெசிஸ்டருக்கு மிச்சம் 6 வோல்ட்தான். 330 ஓம் போட்டால் (ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு, தங்கம்) 18 மில்லியாம்பியர், 0.11 வாட். மின்னோட்டம் முதல் சர்க்யூட்டை ஒட்டியே இருக்கிறது, வெளிச்சம் ஏறக்குறைய மூன்று மடங்கு, ரெசிஸ்டரின் சூடு பாதி.

இதுவரை அடாப்டர் சரியாக 12 வோல்ட் தருகிறது என்று எடுத்துக்கொண்டோம். உங்கள் அடாப்டர் கையில் கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய வகையாக இருந்தால், மேலே 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சின்னச் சுமையில் 15, 16 வோல்ட் வரை தரும். முழுச் சுமை ஏற்றினால்தான் அது 12-க்கு இறங்கும். ஒரு எல்இடி அதற்குச் சுமையே இல்லை. 16 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ரெசிஸ்டரில் 14 வோல்ட் நிற்கும். 14 × 14 / 470 = 0.42 வாட். கால் வாட் ரெசிஸ்டரின் எல்லையைத் தாண்டி ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விட்டது, எல்இடியிலும் 30 மில்லியாம்பியர் ஓடுகிறது. தாள் கணக்கில் பாதுகாப்பாகத் தெரிந்த சர்க்யூட் நிஜத்தில் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்க சர்க்யூட்டைக் கலைக்க வேண்டாம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, எல்இடி எரியும்போதே ரெசிஸ்டரின் இரண்டு கம்பிகளிலும் முனைகளைத் தொடுங்கள். 10 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். 13, 14 என்று காட்டினால் அந்த எண்ணைத்தான் V-யாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். அதே எண்ணை ஓமால் வகுத்தால் மின்னோட்டமும் கிடைத்துவிடும், அதற்கென்று மீட்டரைத் தொடரில் செருகி ஃபியூஸ் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. 14 வோல்ட் நிற்கும் நிலையில் 1000 ஓம்கூட 0.196 வாட் ஆகிவிடும், கால் வாட்டுக்கு நெருக்கம். அப்போது 1500 ஓம் போடுங்கள்: பழுப்பு, பச்சை, சிவப்பு, தங்கம். 9 மில்லியாம்பியர், 0.13 வாட்.

ஏற்கெனவே நீண்ட நேரம் சுட்ட அந்த 470 ஓமைக் கழற்றியதும் ஒருமுறை அளந்து பாருங்கள். 5 சதவீதம் என்றால் 447-க்கும் 493-க்கும் இடையே இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் இருந்து, உடம்பின் நிறமும் மாறாமல் இருந்தால் வேறு சர்க்யூட்டில் போடலாம். சந்தன நிறம் நடுவில் பழுப்பேறியிருந்தாலோ, கருகிய வாடை அடித்தாலோ ஒதுக்கிவிடுங்கள். சூட்டில் நிறம் மாறிய பட்டைகளைப் படிக்கவும் முயல வேண்டாம். ஆரஞ்சும் சிவப்பும் கருகிப் பழுப்பாகத் தெரியும், மஞ்சள்கூட ஆரஞ்சுபோல ஆகிவிடும்.